சுற்றறிக்கைத் தமிழில் வினைமுற்றும் வாக்கிய நீளமும்: கொடகவெலப் பகுதிப் பெருந்தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

மொழிநடை பற்றிய ஆய்வுகள் நம்மிடையே பெரும்பாலும் இலக்கிய நடையையே கருத்திற் கொண்டு வந்துள்ளன. நாவலின் நடை, கவிதையின் நடை, மேடைப் பேச்சின் நடை என்பன பற்றி விரிவாக எழுதப்பட்டுள்ளது. ஆனால் ஒரு தொழிலாளியின் ஊதியத்தையும் விடுமுறையையும் முதுமைக்கால வருவாயையும் நேரடியாகத் தொடும் எழுத்து இவற்றுள் எதுவுமன்று. தொழிற்சாலைக் கதவிலும் பிரட்டுக்களத்துப் பலகையிலும் ஒட்டப்படும் சுற்றறிக்கையே அது. அதன் மொழி பற்றி நாம் அக்கறை கொள்ளாதிருந்தமை தற்செயலான ஒன்றெனத் தோன்றவில்லை. எது இலக்கியம், எது ஆய்வுக்குரியது என்பதைத் தீர்மானிப்பவர்கள் யார் என்ற வினாவோடு இது தொடர்புடையது. இக்கட்டுரையில் அச்சுற்றறிக்கையின் இரண்டு கூறுகளை மட்டும், அதாவது வினைமுற்றின் விகுதியையும் வாக்கியத்தின் நீளத்தையும், எடுத்து நோக்க முனைகின்றோம்.

களமாக நாம் கொள்வது இரத்தினபுரி மாவட்டத்துக் கொடகவெலப் பகுதியாகும். பெல்மதுளையிலிருந்து காவத்தை வழியாக எம்பிலிப்பிட்டிக்குச் செல்லும் வீதியில் கொடகவெல அமைந்துள்ளது. இறக்குவானை அதற்கு அண்மையிலுள்ளது. நுவரெலியாவைப் போன்று தோட்டமும் தோட்டமும் தொடுத்துக்கிடக்கும் நிலப்பரப்பு இதுவன்று. தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. லயங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளரோடு கிராமங்களிலிருந்து வரும் சிங்களத் தொழிலாளரும் ஒரே நிறையில் நின்று வேலை செய்கின்றனர். தமிழ்த் தொழிலாளருட் பலர் சிங்களமும் பேச வல்லவர். இளைய தலைமுறையினருட் சிலர் சிங்கள மொழிமூலமே பயின்றவர். ஆகவே இங்கு ஒரு சுற்றறிக்கை தமிழில் எழுதப்படும்போது, அது தமிழை மட்டும் அறிந்த ஒருமுகப்பட்ட வாசகர் கூட்டத்துக்கு எழுதப்படுவதில்லை. எழுத்தைச் சரளமாக வாசிப்போரும், எழுத்துக்கூட்டி வாசிப்போரும், வாசிக்கக் கேட்டு மட்டுமே அறிவோரும் அதன் வாசகர்களாவர்.

தோட்டத்து எழுத்தின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்தல் இங்கு அவசியமாகின்றது. தோட்டத் தொழிலாளியின் வாழ்வைக் கட்டுப்படுத்திய தொடக்ககால எழுத்துகளுள் முதன்மையானது 'துண்டு' ஆகும். தொழிலாளர் பட்ட கடன் தீர்க்கப்படுமாயின் அவர்களை விடுவிக்கச் சம்மதம் என ஒரு துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. 1921இல் சட்டத்தினாற் தடைசெய்யப்படும் வரை அது வழக்கிலிருந்தது. துண்டு தொழிலாளியைப் பற்றியது; ஆனால் தொழிலாளியை நோக்கியதன்று. ஒரு முதலாளி மற்றொரு முதலாளிக்கு எழுதிய வாசகம் அது. தொழிலாளியை நோக்கிய மொழி எழுத்தில் அன்றிப் பேச்சிலேயே இருந்தது. அப்பேச்சைப் புதிதாக வந்த சின்னத்துரைமார்க்குக் கற்பிக்கவெனக் கொழும்பில் கைந்நூல்கள் அச்சிடப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெர்குசன் வெளியிட்ட கையடக்க நூலின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். 1915இல் டபிள்யூ. ஜீ. பி. வெல்ஸ் என்பார் எழுதிய நூலுக்குக் 'கூலித் தமிழ்' எனப் பெயர். ஒரு மொழியைக் கற்கப் புகுந்தவனுக்கு முதலிற் கண்ணிற் படும் வினைச்சொல் ஒருமை ஏவலாக இருந்தமையை நாம் சாதாரணமாகக் கடந்து செல்லவியலாது. உற்பத்தி உறவு எதுவோ அதற்கேற்ற வினைவிகுதி முன்னரே தெரிவுசெய்யப்பட்டிருந்தது.

1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் பின்னர் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988இல் பதினாறாவது திருத்தம் நிருவாக மொழி பற்றிய ஏற்பாடுகளை விரித்தது. எனினும் இவ்வேற்பாடுகள் அரச நிருவாகத்தைப் பற்றியவை. தோட்டக் கம்பனியொன்றின் அறிவித்தற் பலகையில் எவ்வகைத் தமிழ் இடம்பெற வேண்டுமென்பதை அவை கூறுவதில்லை. உண்மையில், அரச காரியாலயத்துக்குங்கூட 'தமிழில் எழுதுக' என்று சட்டம் சொல்லலாம். 'யாரை எந்த விகுதியால் விளிப்பது' என்பதைச் சட்டம் சொல்லாது. அந்த இடைவெளியில் மூவகைப் பழக்கங்கள் புகுந்துகொள்கின்றன. ஒன்று துரைத்தனத்து ஏவல். இரண்டாவது ஆங்கிலச் சுற்றறிக்கையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தெடுத்த நீண்ட வாக்கியம். மூன்றாவது கச்சேரித் தமிழின் ஆளற்ற செயப்பாட்டுவினை.

விகுதிகளை முதலில் நோக்குவோம். 'வா', 'கொடு' என்னும் ஒருமை ஏவல் இன்று எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதப்படுவதில்லை. ஆனால் அது மறைந்தவிடத்தில் எது வந்தமர்ந்தது என்பதே கேள்வி. மரியாதைப் பன்மையான 'கொடுங்கள்' அங்கு வந்திருக்கலாம்; வரவில்லை. பெரும்பாலும் வந்தவை 'கொடுக்கவும்', 'கொடுத்தல் வேண்டும்', 'கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்' ஆகிய மூன்றுமே. ஒருமையில் விளிக்க நாணமுண்டு. மரியாதையோடு விளிக்க மனமில்லை. ஆகவே விளிக்காமலே விடும் உபாயம் கையாளப்பட்டது என இதனை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

இவ்வுபாயத்துக்கு இலக்கண மரபிலும் ஓர் இடமுண்டு. வியங்கோள் வினை தன்மைக்கும் முன்னிலைக்கும் பொருந்தி வாராது என்பது தொல்காப்பியத்தின் நிலைப்பாடு. நன்னூலோ அது எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் உரியதெனக் கொள்ளும். வாழ்த்தாகவும் வேண்டுகோளாகவும் படர்க்கையில் நின்ற ஒரு வடிவம், காலப்போக்கில் எதிரில் நிற்பவனுக்கும் உரியதாயிற்று என்பதை இவ்விரண்டு விதிகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோர் உணரலாம். 'செய்க' என்பதிற் பாலும் இல்லை, எண்ணும் இல்லை, உயர்வு தாழ்வும் இல்லை. இன்றைய 'செய்யவும்' இதே பணியை ஆற்றுகின்றது. பழைய இலக்கண நூல்கள் இவ்வடிவை வியங்கோள் விகுதியாகக் குறிப்பதில்லை. அலுவலக வழக்கே இதனை நிலைநிறுத்திற்று. ஒரு பலகையில் 'கதவை மூடவும்' என எழுதுவதில் எவருக்கும் மனக்குறை இருக்க முடியாது. சுருக்கமும் நடுநிலையும் அதன் நற்பண்புகள்.

ஆனால் பல வரிகள் கொண்ட சுற்றறிக்கையில் 'உம்' ஈற்று வடிவம் ஒரு குறிப்பான இடர்ப்பாட்டைத் தருகின்றது. 'அடையாள அட்டையைக் கொண்டுவரவும் பிரதியைக் கையளிக்கவும்' என்ற இடம் வரை ஒருவர் வாசிக்கக் கேட்டால், இரண்டு ஏவல்கள் முடிந்துவிட்டன என்றே கொள்வார். ஆனால் வாக்கியம் 'தவறுபவர்கள்' என்று தொடருமாயின், அதே சொற்கள் ஏவலாக இருந்த நிலை மாறி எண்ணும்மை பெற்ற எச்சங்களாகிவிடுகின்றன. 'முடியும்' என்று தொடர்ந்தால் அது அனுமதி. 'வேண்டும்' என்று தொடர்ந்தால் கட்டாயம். வாசிப்பவர் கண்ணை முன்னே செலுத்தி முடிவைக் கண்டுகொள்ளலாம். கேட்பவருக்கு அந்த வசதியில்லை. இதனாலேயே பிரட்டில் வாசிக்கப்படவிருக்கும் அறிக்கையில் இவ்வடிவை ஒருமுறைக்கு மேற் பயன்படுத்துவதை நாம் விரும்பவில்லை.

'வேண்டும்' என்னும் துணைவினை பற்றியும் ஒன்று கூற வேண்டும். அது உடன்பாட்டிற் தெளிவானது, எதிர்மறையில் மயங்குவது. 'ஏற்கெனவே கொடுத்தவர்கள் வர வேண்டாம்' என்ற வாக்கியம் தடையா, சலுகையா? அலுவலகத்தார் கருதியது சலுகையே. ஆனால் 'வர வேண்டாம்' எனக் கேட்ட ஒரு பெண் தொழிலாளி, தான் கொடுத்த பிரதி தெளிவாக விழவில்லை என்று பின்னர் அறிந்தாலும், மீண்டும் சென்று கேட்கத் தயங்குவாள். சலுகையாயின் 'வர வேண்டியதில்லை' என்றும், தடையாயின் 'வரக்கூடாது' என்றும் எழுதுவதால் இம்மயக்கம் தீரும்.

மூன்றாவது வடிவமான 'கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்' என்பதே பெரிதும் மரியாதைக்குரியதாகக் கருதப்படுவது. இக்கருத்தை நாம் ஐயத்துடனேயே நோக்குகின்றோம். அதில் 'அர்' என்னும் உயர்வுப் பன்மை உண்டென்பது மெய். ஆனால் கேட்பவர் யார்? அவர் வாக்கியத்தில் இல்லை. கேட்கப்படுபவர் எதிரில் நின்றும் படர்க்கையாக்கப்படுகின்றார். முகத்தை நோக்காது முதுகுக்குப் பின்னாற் பேசும் பணிவு இது. இதன் உடன்பிறப்பு 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்பதாகும். வேண்டுபவரும் தண்டிப்பவரும் ஒருங்கே மறைந்துகொள்வதற்குச் செயப்பாட்டுவினை மிக வாய்ப்பானது.

ஒரு மாதிரியை முழுமையாக நோக்குவது இவற்றைத் தெளிவாக்கும். பின்வரும் வாசகம் எந்த ஒரு தோட்டத்தினதும் சுற்றறிக்கையன்று. இத்தகைய அறிக்கைகளில் வழக்கமாகக் காணப்படும் தொடர்களைக் கொண்டு நாமே அமைத்துக்கொண்டது. பொருளாக ஊழியர் சேமலாப நிதிப் பதிவிலுள்ள பெயர்ப் பிழையை எடுத்துள்ளோம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட இந்நிதிக்குத் தொழிலாளியின் சம்பாத்தியத்திலிருந்து குறைந்தது நூற்றுக்கு 8 வீதமும் தொழில்கொள்வோரிடமிருந்து 12 வீதமும் செலுத்தப்பட வேண்டும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் ஓய்வுபெற்று இப்பணத்தைப் பெறலாம். தோட்டங்களில் ஒருவரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், செக்ரோலில் இன்னொருவிதமாகவும், அடையாள அட்டையில் வேறொருவிதமாகவும் எழுதப்பட்டிருப்பது எவரும் அறிந்ததே. தமிழ்ப் பெயரைக் காதாற் கேட்டு ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதிய பல கைகளின் விளைவு அது. பணத்தைப் பெறும் நாளிலேயே அவ்வேறுபாடு சுவராக எழுந்து நிற்கின்றது. இதனைத் தீர்க்க வரும் சுற்றறிக்கை இவ்வாறு அமைவதுண்டு:

"இத்தால் சகல ஊழியர்களுக்கும் அறியத்தருவது யாதெனில், ஊழியர் சேமலாப நிதிப் பதிவுகளிலுள்ள பெயர்களுக்கும் தேசிய அடையாள அட்டையிலுள்ள பெயர்களுக்குமிடையே வேறுபாடுகள் காணப்படுவதாகத் தெரியவந்துள்ளமையால், அவ்வாறான வேறுபாடுகளையுடைய தொழிலாளர்கள் தமது அடையாள அட்டையின் பிரதியொன்றையும் பிறப்புச் சான்றிதழின் பிரதியொன்றையும் இம்மாதம் 25ஆம் திகதிக்கு முன்னர் தோட்டக் காரியாலயத்தில் சமர்ப்பித்தல் வேண்டுமென்பதுடன், அவ்வாறு சமர்ப்பிக்கத் தவறுமிடத்து ஏற்படக்கூடிய பாதிப்புகளுக்கு நிர்வாகம் பொறுப்பேற்கமாட்டாதென்பதும், இது விடயத்தில் உத்தியோகத்தர்கள் தமது பூரண ஒத்துழைப்பை வழங்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர் என்பதும் இத்தால் அறிவிக்கப்படுகின்றது."

இதில் 54 சொற்கள் உள்ளன; முற்றுப்புள்ளி ஒன்றே. இலக்கண நிலையிலுங்கூட இது நேராக நிற்கவில்லை. 'அறியத்தருவது யாதெனில்' என்று தொடங்கியது 'என்பதாகும்' என முடிய வேண்டும். எழுதியவரே தொடக்கத்தை மறந்து, 'இத்தால்' என மறுபடி தொடங்கி, 'அறிவிக்கப்படுகின்றது' என முடித்துவிட்டார். தமிழில் வினை இறுதியில் நிற்பது. ஆங்கில வாக்கியத்திற் செய்ய வேண்டியது முதலிலேயே சொல்லப்பட்டுவிடும். விளக்கங்கள் பின்னாற் தொங்கிக்கொண்டிருக்கலாம். அதே ஒழுங்கைத் தமிழிற் பெயர்க்கும்போது விளக்கங்கள் யாவும் வினைக்கு முன்னர் வந்து குவிகின்றன. தனக்கு இடப்பட்டது கட்டளையா, தடையா, வெறும் செய்தியா என்பதை அறியக் கேட்பவர் ஐம்பது சொற்களை நினைவிற் சுமக்க வேண்டியுள்ளது. நீண்ட வாக்கியம் ஆங்கிலத்தில் இருப்பதிலும் தமிழில் அதிகத் தீங்கு செய்வதற்குக் காரணம் இதுவே. கொழுந்துக் கூடையுடன் அதிகாலையில் நிற்கும் ஒருவரிடம் இச்சுமையையும் ஏற்றுவது எவ்வகையிலும் நியாயமாகாது.

இனி, விகுதிகள் யாருக்கு யாது வழங்குகின்றன என நோக்குவோம். தலைப்பில் அனைவரும் ஊழியர்கள். உள்ளே சென்றதும் அவர்கள் இரு கூறாகின்றனர். தொழிலாளர் 'சமர்ப்பித்தல் வேண்டும்'. உத்தியோகத்தர் 'அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்'. ஒரே தாளில், ஒரே வாக்கியத்தில், கடமை ஒருவருக்கும் அன்பு மற்றவருக்கும் பங்கிடப்பட்டுள்ளது. தோட்டத்தில் 'ஸ்டாப்' என்ற சொல் காரியாலயத்தாரையும் தொழிற்சாலை உத்தியோகத்தரையும் குறிக்கும்; கொழுந்து பறிப்போரும் பால் வெட்டுவோரும் 'ஆட்கள்' எனப்படுவர். ஆங்கில மூலத்தில் ஊழியர் அனைவரையும் குறிக்க இடப்பட்ட ஒரு சொல், தமிழிற் பெயர்க்கப்படும்போது இப்பிரிவினையின் ஊடாகவே இறங்கி வருகின்றது. பெயர்ப்பவர் இதனைத் திட்டமிட்டுச் செய்கின்றாரென நாம் கருதவில்லை. வர்க்க உறவு எழுதுபவரின் கையிற் பழக்கமாகக் குடிகொண்டிருப்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

இன்னுமொன்று. 'அவ்வாறான வேறுபாடுகளையுடைய தொழிலாளர்கள்' என்கிறது அறிக்கை. தன் பெயர் நிதிப் பதிவில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதைத் தொழிலாளி எங்ஙனம் அறிவார்? பதிவுகள் காரியாலயத்தில் உள்ளன. வேறுபாட்டை உண்டாக்கியவரும் அவரல்லர். ஆனால் 'உடைய' என்னும் ஒரு பெயரெச்சம் பிழையை அவரது உடைமையாக்கிவிட்டது. 'தெரியவந்துள்ளமையால்' என்பது யாருக்குத் தெரியவந்தது என்பதை மறைத்துவிட்டது. வாக்கியத்தில் எழுவாயோடும் செய்வினையோடும் நிமிர்ந்து நிற்கும் ஒரே இடம் 'நிர்வாகம் பொறுப்பேற்கமாட்டாது' என்பதாகும். நிர்வாகம் தான் செய்யவேண்டிய எதனையும் செய்யும் எழுவாயாக இங்கு தோன்றவில்லை. மறுப்பதற்கு மட்டுமே தோன்றுகின்றது.

இதே செய்தியை நாம் பின்வருமாறு எழுதலாம்:

"தோட்டத்தில் வேலைசெய்யும் அனைவருக்கும்.

ஈ.பி.எப். பதிவில் உங்கள் பெயர் பிழையாக இருக்கலாம். பிழை இருந்தால், பிற்காலத்தில் உங்கள் பணத்தைப் பெறுவது தாமதமாகும். உங்கள் அடையாள அட்டையின் பிரதியையும் பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் தோட்ட அலுவலகத்தில் கொடுங்கள். 25ஆம் திகதி மாலை 4 மணி வரை கொடுக்கலாம். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களும் வாருங்கள். பெயரில் பிழை இருக்கின்றதா என்பதை அலுவலக உத்தியோகத்தர் பார்த்துச் சொல்வார். பிழை இருந்தால் திருத்துவதற்கான விண்ணப்பத்தை நிர்வாகம் அனுப்பும். ஏற்கெனவே பிரதிகளைக் கொடுத்தவர்கள் மீண்டும் வர வேண்டியதில்லை."

விளியை நீக்கி எண்ணினால் இதிலும் 54 சொற்களே உள்ளன. அவை எட்டு வாக்கியங்களாகப் பிரிந்துள்ளன. மிக நீண்டதிற் பத்துச் சொற்கள். ஆகவே எளிமை என்பது சுருக்கமென்று கொள்வது பொருந்தாது. பழைய அறிக்கையில் 'இத்தால்', 'அவ்வாறான', 'இது விடயத்தில்', 'பூரண' என்பனவற்றுக்குச் செலவான இடம் இங்கு புதிய தகவல்களுக்குக் கிடைத்துள்ளது. சான்றிதழ் இல்லாதவர் என்ன செய்வது, பிழையைக் கண்டுபிடிப்பவர் யார், விண்ணப்பம் அனுப்புவது யார் ஆகிய மூன்றும் முதல் வாசகத்தில் இல்லாதவை. வாக்கியம் குறுகியபோது ஒவ்வொரு வினைக்கும் ஓர் எழுவாய் தேவைப்பட்டது. எழுவாயைத் தேடியபோது நிர்வாகம் தன் கடமையோடு வெளிப்பட வேண்டியதாயிற்று. முகாமையாளர் இத்தகைய வரைவுக்கு ஒப்பமிடத் தயங்குவாராயின், அத்தயக்கம் பெரும்பாலும் 'நிர்வாகம் அனுப்பும்' என்னும் இரண்டு சொற்களைப் பற்றியதாகவே இருக்கும். 'கொடுங்கள்' என்பதைப் பற்றியதாக இராது. '25ஆம் திகதிக்கு முன்னர்' என்பது 24ஆம் திகதியோடு முடிவதா, 25ஐயும் உள்ளடக்கியதா என்ற வழக்கும் 'வரை' என்பதோடும் நேரத்தோடும் தீர்ந்துவிடுகின்றது.

'கொடுங்கள்', 'வாருங்கள்' என்னும் விகுதியை நாம் ஏன் தெரிவுசெய்தோம் என்பதற்கு விளக்கம் தேவை. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என மூன்று படிகளுண்டு. நீதிமன்ற அழைப்பாணை போன்றவற்றில் 'நீர்' வருவதும் இதனோடு ஒத்தது. தமிழகத்துப் பேச்சை அடியாகக் கொண்ட மலையக வழக்கில் நடுப்படி இல்லை. 'நீ', 'நீங்க' என்னும் இரண்டே உண்டு. ஆகவே 'நீர் கொடுப்பீராக' என்பது இறக்குவானைத் தோட்டத்தில் ஒன்றில் வேத வாசகமாகவோ அன்றேல் நீதிமன்ற மிரட்டலாகவோதான் ஒலிக்கும். 'நீங்கள்' சார்ந்த ஏவலே ஆணையும் பெண்ணையும், கங்காணியையும் கிளாக்கரையும் ஒரே தளத்தில் நிறுத்துவது. மேலும், 'ஒரு தொழிலாளி வராதவிடத்து அவனது பெயர்' எனப் படர்க்கை ஒருமையில் எழுதும் பழக்கம், கொழுந்து பறிப்போருட் பெரும்பான்மையினரான பெண்களை வாக்கியத்துக்கு வெளியே தள்ளிவிடுகின்றது. முன்னிலைப் பன்மையில் அவ்வினாவே எழுவதில்லை.

இதிற் பேச்சு வடிவத்துக்கே சென்று 'வாங்க', 'குடுங்க' என எழுதலாகாதா என்று கேட்கப்படலாம். முற்போக்கு எழுத்தாளர் நாவலில் இவ்வடிவங்களைப் போராடி நிலைநாட்டினர் என்பதும் உண்மையே. ஆனால் இலக்கியத்தில் மாந்தர் தம் மொழியிற் பேசுவதும், நிர்வாகம் அவர்களது மொழியைப் போலச்செய்து எழுதுவதும் ஒன்றாகா. 'கூலித் தமிழ்' நூல்களின் வரலாற்றையுடைய தோட்டத்தில், நிர்வாகத்தின் எழுத்தில் வரும் 'குடுங்க' தோழமையாகக் கேட்காது. எழுத்தில் 'கொடுங்கள்' இருக்கட்டும். அதை வாசித்துக் காட்டுபவர் 'குடுங்க' என்று சொல்வது இயல்பாகவே நிகழும். பெயர்ச்சொற்களில் மட்டும் வழக்குச் சொல் வேண்டும்: ஈ.பி.எப்., செக்ரோல், பிரட்டு. இவற்றுக்குத் தூய தமிழாக்கம் தேடுவது வாசகரை மீண்டும் வெளியே நிறுத்துவதாகும்.

விளிக்கும் சொல்லுக்காகத் தொழிலாளர் போராடியமை உலக வரலாற்றில் அரிதன்று. 1912இல் சைபீரியாவின் லேனா தங்கச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் செய்தோர் முன்வைத்த கோரிக்கைகளுள், நிர்வாகம் தம்மை 'நீ' என்னாது 'நீங்கள்' என விளிக்க வேண்டும் என்பதும் ஒன்று. எட்டு மணி நேர வேலைநாளோடும் ஊதிய உயர்வோடும் ஒரே பட்டியலில் அது இடம்பெற்றது. 1917 மார்ச்சில் பெற்றோகிராட் சோவியத் வெளியிட்ட முதலாம் இலக்கக் கட்டளை, அதிகாரிகள் படையினரை 'நீ' என விளிப்பதைத் தடைசெய்தது. ரொஜர் பிறவுண், அல்பேர்ட் கில்மன் ஆகியோர் 1960இல் எழுதிய கட்டுரையில், ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களை அதிகாரம், தோழமை ஆகிய இரு அச்சுகளில் வைத்து விளக்கினர். அவர்களது விளக்கம் பெயர்ச்சொல்லோடு நின்றுவிட்டது. தமிழில் முன்னிலைப் பெயரை முற்றாகத் தவிர்த்தாலும் வினையின் ஈறு அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். அதையும் தவிர்க்க முனைந்ததன் விளைவே நாம் மேலே கண்ட ஆளற்ற வினைகள்.

எல்லா அறிக்கைக்கும் 'உங்கள்' ஈறே பொருந்துமென நாம் வாதிடவில்லை. களைகொல்லி வைத்த அறையின் கதவில் 'தொடாதீர்கள்' என்ற ஒரு சொல் போதும். சம்பளச் சபையின் தீர்மானம் போன்ற சட்டப் பத்திரங்களின் வாசகத்தை மாற்றும் உரிமை தோட்ட அலுவலகத்துக்கு இல்லை; அவற்றை அப்படியே ஒட்டி, கீழே நான்கைந்து குறுவாக்கியங்களில் விளக்கம் எழுதலாம். ஒழுக்காற்று நடவடிக்கை பற்றிய அறிக்கைகளில் மரியாதை விகுதி இருந்தும் மிரட்டல் குறையாது. 'வேலைக்கு வாராதிருந்தால் உங்கள் பெயரை வெட்டுவோம்' என்பது தெளிவானதே, இனிமையானதன்று. ஆனால் அங்கும் 'வெட்டுவோம்' என்பதில் வெட்டுபவர் யாரென்பது தெரிகின்றது. 'பெயர் வெட்டப்படும்' என்பதில் எவரிடம் சென்று முறையிடுவதென்பது தெரிவதில்லை.

ஒரு வரைவு பயன்படுமா என்பதைச் சோதிக்க எளிய வழியொன்று உண்டு. அதை எழுதியவர் தவிர்ந்த வேறொருவர், எழுத்தறிவு குறைந்த இருவர் மூவருக்கு ஒருமுறை மட்டும் வாசித்துக் காட்ட வேண்டும். பின்னர் மூன்று வினாக்கள் கேட்கப்பட வேண்டும்: யார் செய்ய வேண்டும்? எதைச் செய்ய வேண்டும்? எந்த நாள் வரை? 'விளங்கிற்றா?' என்று கேட்பதால் பயனில்லை. துரைத்தனத்து வளாகத்தில் அதற்குக் கிடைக்கும் விடை என்றும் 'விளங்கிற்று' என்பதே. விடைகள் மூன்றும் ஒத்துவராத இடத்தில் பெரும்பாலும் ஒரு நீண்ட எச்சத் தொடரோ எழுவாயற்ற ஒரு செயப்பாட்டு வினையோ இருப்பதைக் காணலாம். கொடகவெலப் பகுதியில் இச்சோதனையைச் சிங்கள வாசகத்தோடும் சேர்த்தே செய்தல் வேண்டும். ஒரே நிறையில் நிற்கும் இருவர், ஒரே அறிவித்தலிலிருந்து இரு வேறு திகதிகளைக் கேட்டுச் செல்லலாகாது. அறிக்கையின் அடியில் 'இங்ஙனம், நிர்வாகம்' என்பதோடு நிறுத்தாமல், மேலும் விபரம் கேட்பதற்குரிய உத்தியோகத்தரின் பதவிப் பெயரும், அவர் அலுவலகத்தில் இருக்கும் நேரமும் எழுதப்பட வேண்டும்.